மாம்பழக் கிடங்கின் அடியில் ஒரு துண்டு யூக்கான்

கதவு மூடவில்லை என்றுதான் முதலில் கூப்பிட்டார்கள். கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் இடையில் ஒரு மாம்பழக் குளிர்கிடங்கு. பெயர் இங்கே தேவையில்லை. சீசனில் வாங்கும் பழத்தைத் தோல்சீவித் துண்டுபோட்டு உறையவைத்து, அடுத்த பங்குனிவரை மைனஸ் 20 டிகிரியில் அடுக்கிவைப்பார்கள். அந்த அறையின் நகரும் கதவு தரையை உரசிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. தச்சரை வைத்துக் கதவின் அடி ரப்பரை இரண்டு முறை சீவியாகிவிட்டது. மூன்றாம் முறையும் உரசியபோதுதான், கதவு இறங்கவில்லை, தரை ஏறுகிறது என்று பிளான்ட் ஆபரேட்டருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

நான் அடித்தளங்களைப் பார்க்கிற பொறியாளன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயோடு உதவியாளரை உள்ளே அனுப்பினேன். கால் மணி நேரத்தில் அவர் திரும்பி வந்து, குழாயில் தண்ணீர் கஞ்சிபோல இறுகுகிறது என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு லெவல் கருவியை வைத்து அளந்தோம். 12 மீட்டர் அகலமுள்ள அறை. சுவரோரம் தரை பழைய மட்டத்திலேயே இருந்தது. நடுவில் 14 செ.மீ. உயர்ந்து, கவிழ்த்த வாணலியைப் போல வளைந்திருந்தது. கட்டி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

முதல் நாள் நான் தவறான காரணம் சொன்னேன். தரை ஏறினால் நம் தொழிலில் உடனே நினைவுக்கு வருவது உப்புகிற களிமண். மழையில் ஈரம் குடித்து வீங்கும், கோடையில் வெடிக்கும் கரிசல் வகை. வெளியிலிருந்து மண் எடுத்துச் சோதித்தோம். உப்பும் தன்மை இல்லவே இல்லை. பக்கத்து ஏரியிலிருந்து வாரிக்கொண்டு வந்து நிரவிய வண்டல் அது. விரலில் தேய்த்தால் மாவு போல வழுக்கும், நாக்கில் வைத்தால் லேசாக நறநறக்கும். சரளை வாங்கிக் கொட்டவேண்டிய இடத்தில், கிடைக்கிறதே என்று இதைக் கொட்டியிருக்கிறார்கள்.

துப்புக் கொடுத்தவர் அந்த ஆபரேட்டர்தான். பர்கூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். "சார், கட்டும்போது தரைக்கு அடியில் குறுக்கே நாலு அங்குலக் குழாய் வரிசையாகப் போட்டார்கள். அந்தக் குழாயெல்லாம் இப்போது எங்கே போயிற்று?" என்று கேட்டார். தேடினோம். வடக்குப் பக்கத்துக் குழாய் வாய்களில் மண்ணும் எலிக்கூடும் அடைத்திருந்தன. தெற்குப் பக்கத்தில் லாரி ஏற்றும் மேடையை உயர்த்தியபோது ஒன்று பாக்கியில்லாமல் காங்கிரீட்டுக்குள் புதைத்துவிட்டார்கள்.

அந்தக் குழாய்கள் தண்ணீர் போக வைத்தவை அல்ல, காற்றுப் போக வைத்தவை. குளிர் அறையின் தரையில் தெர்மாகோல் பலகை போட்டாலும் குளிர் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வெளிக்காற்று அடியில் ஓடினால் அந்தக் குளிரை அன்றன்றைக்கு வாரிக்கொண்டு போய்விடும். காற்று நின்றால் குளிர் மண்ணில் சேரத் தொடங்கும். இங்கே தெர்மாகோலும் தரை கழுவிய நீரில் ஊறிப்போயிருந்தது. ஊறிய தெர்மாகோல் காப்பே இல்லை. நம் ஊர் மண் சில மீட்டர் ஆழத்தில் வருடம் முழுவதும் 27 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த மண்ணை இந்த அறை ஆறு வருடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கியிருந்தது. தரையில் துளை போட்டுப் பார்த்தபோது ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் கல்லாக உறைந்திருந்தது.

பெர்மாஃப்ராஸ்ட் என்று குளிர்நாடுகளில் சொல்லும் உறைநிலத்துக்கு இலக்கணம் எளிது. தொடர்ந்து இரண்டு வருடமாவது பூஜ்ய டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம், அவ்வளவுதான். பனி தெரியவேண்டும் என்றுகூட இல்லை. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் 1830களில் ஷெர்கின் என்ற வணிகர் தண்ணீருக்காகக் கிணறு வெட்டினார். 116 மீட்டர் தோண்டியும் உறைந்த மண்ணைத் தாண்டவில்லை. தர்மபுரியில் ஆயிரம் அடி போர் போட்டுப் புகையைப் பார்த்தவர்களுக்கு அவர் படாத பாடு புரியும். அந்தக் கணக்கில் பார்த்தால், கிருஷ்ணகிரியில் ஒரு மீட்டர் தடிமனில், ஒரு கல்யாண மண்டப அளவுக்கு, இலக்கணப்படியான உறைநிலம் உண்டாகிவிட்டிருந்தது.

எனக்கு இதில் அனுபவம் இல்லை என்பதை உரிமையாளரிடம் ஒப்புக்கொண்டு இரண்டு வாரம் கேட்டேன். அந்த இரண்டு வாரத்தில் படித்தது பெரும்பாலும் கனடாவின் யூக்கான் பகுதியைப் பற்றி. இந்தத் தரையின் கதை அங்கே சாலைகளிலும் வீடுகளிலும் பல மடங்கு பெரிதாக நடந்துகொண்டிருக்கிறது.

முதலில், துளையிலிருந்து வந்த உருளையைச் சொல்லவேண்டும். மேல்பகுதி வெறும் உறைந்த மண், கண்ணுக்குப் பனிக்கட்டி தெரியவில்லை. கீழே போகப் போகக் கிடையாக மெல்லிய பனித் தகடுகள், நூல் தடிமனில். அடிமட்ட 30 செ.மீ.யில் அவை விரல் தடிமனுக்கு வந்துவிட்டன. கேழ்வரகுப் புட்டில் இடையிடையே தேங்காய்ப்பூ வைத்து அடுக்கியது போல, பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி. அந்த 30 செ.மீ. துண்டை மட்டும் அதே விட்டமுள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தி மேசையில் வைத்தோம். மறுநாள் காலையில் அடியில் 19 செ.மீ. சேறு படிந்திருந்தது, மேலே 10 செ.மீ. தெளிந்த தண்ணீர். ஒரு செ.மீ. காணவில்லை, கட்டி உருகித் தண்ணீராகும்போது சுருங்குமே, அது.

அந்தத் தண்ணீர்தான் இந்த விஷயத்தின் உயிர்நிலை. மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில் பனிக்கட்டி இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. உருகினாலும் துகள் மேல் துகள் உட்கார்ந்தே இருக்கும். இடுக்குகள் கொள்ளும் அளவுக்கு மேலே பனிக்கட்டி சேர்ந்துவிட்டால், துகள்கள் ஒன்றையொன்று தொடுவதை விட்டுவிடுகின்றன. மண் பனிக்கட்டிமேல் மிதக்கிறது. இதை மிகைப் பனிக்கட்டி என்று சொல்லலாம். உறைந்திருக்கும்வரை அது காங்கிரீட்டுக்குச் சமமாகப் பாரம் தாங்கும். உருகிய அன்று, எவ்வளவு மிகை இருந்ததோ அவ்வளவு உயரம் நிலத்திலிருந்து காணாமல் போகும். என் உருளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். உறைநிலத்தில் சாலை போடுகிறவர்கள் மண்ணின் வெப்பநிலைக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி இதுதான்: உருளையைக் குவளையில் உருகவிட்டால் மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கும்?

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தரை ஏறியது அதனால்தான் என்று உரிமையாளர் நினைத்தார். கணக்குப் போட்டால் ஒத்துவராது. ஒரு மீட்டர் மண்ணில் நாற்பது சதவீதம் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டாலும், அத்தனையும் இருந்த இடத்திலேயே உறைந்தால் உயர்வு மூன்றரை செ.மீ.தான். இங்கே 14. மீதி, கீழிருந்து இழுத்துக்கொள்ளப்பட்ட தண்ணீர். 1930ஐ ஒட்டி ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் இதை அழகாக நிரூபித்தார். தண்ணீருக்குப் பதில் பென்சீனை மண்ணில் ஊறவைத்து உறையவைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் திரவம். அப்படியும் மண் மேலே எழும்பியது. எழும்புவதற்குக் காரணம் விரிவு அல்ல, உறையும் எல்லையை நோக்கித் திரவம் நகர்வதுதான் என்று முடிவாயிற்று.

அந்த எல்லையில் மண்துகளை ஒட்டி ஒரு மெல்லிய நீர்ப்படலம் பூஜ்யத்துக்குக் கீழும் உறையாமல் நிற்கிறது. பனிக்கட்டி வளர வளர அந்தப் படலம் உறிஞ்சப்படுகிறது. அதை நிரப்பக் கீழிருந்து ஈரம் ஏறுகிறது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. மணலில் இடைவெளி பெரிது, திரி ஏறாது. களிமண்ணில் இழுப்பு உண்டு, ஆனால் தண்ணீர் நகர்வது ஆமை வேகம். நடுத்தரமான வண்டல்தான் இரண்டும் பொருந்திய மோசமான மண். ஏரிக்கரை ஈரமும் ஏரி வண்டலும் சேர்ந்து இங்கே திரியையும் எண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டிருந்தன. அடிமட்டத்தில் தகடுகள் தடித்திருந்ததற்கும் காரணம் இருக்கிறது. உறையும் எல்லை கீழே போகப் போக மெதுவாகி ஓரிடத்தில் கிட்டத்தட்ட நின்றுவிடும். நின்ற இடத்தில் தண்ணீர் வந்து சேர நேரம் நிறைய.

யூக்கானில் இந்தத் தகடுகளோடு இன்னொன்றும் உண்டு, அதுதான் சாலைகளைக் கொல்வது. சித்திரையில் வற்றிய ஏரியின் அடிமண் வெடித்துக் கட்டம் கட்டமாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடுங்குளிரில் உறைந்த நிலமும் சுருங்கி அதேபோல வெடிக்கிறது. ஆனால் கட்டம் ஒவ்வொன்றும் பத்து, இருபது மீட்டர். வெடிப்பின் அகலம் சில மில்லிமீட்டர்தான். வசந்தத்தில் உருகும் பனிநீர் அதற்குள் இறங்கி உறைகிறது. அடுத்த குளிர்காலத்தில் நிலம் மறுபடி வெடிக்கும்போது, பலவீனமான அதே இடத்தில்தான் வெடிக்கும். மறுபடி ஒரு மில்லிமீட்டர். இப்படி ஆயிரக்கணக்கான வருடம் நடந்தால், மேலே ஒன்றிரண்டு மீட்டர் அகலமும் கீழே பல மீட்டர் ஆழமுமாக, மரம் பிளக்கும் ஆப்பைப் போலப் பனிக்கட்டி செருகி நிற்கும். மேலே பாசியும் புதரும் மூடியிருப்பதால், நடந்து போகிறவனுக்கு அடியில் இருப்பது தெரியாது.

1942இல் அலாஸ்கா நெடுஞ்சாலையைப் போட வந்த அமெரிக்க ராணுவத்துக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள போர்க்காலச் சாலை, ஒரே வருடத்தில் திறந்தாகவேண்டும். தெற்கே செய்தது போலவே யூக்கானிலும் புல்டோசரை விட்டு மரத்தையும் பாசியையும் வழித்துத் தள்ளினார்கள். கறுத்த மண் வெயிலைப் பார்த்தது. நாள்கணக்கில் தரை கூழாகி வண்டிகள் அச்சுவரை இறங்கின. கூழை வழித்தால் அடியில் இன்னும் உறைமண், அதுவும் வெயிலில் இளகும். தோண்டத் தோண்டப் பள்ளம்தான். பட்ட பிறகு முறையைத் தலைகீழாக மாற்றினார்கள். பாசியைத் தொடாதே, மரத்தை வெட்டி அப்படியே பாசிமேல் பரப்பு, அதன்மேல் சரளையைக் கொட்டு. பாசி அங்கே நிலத்தின் கம்பளி. கோடையில் காய்ந்து வெப்பத்தைத் தடுக்கும், இலையுதிர்காலத்தில் நனைந்து உறைந்து குளிரை உள்ளே விடும். தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் போட்டு வந்த படைப்பிரிவுகள் அந்த அக்டோபரில் பீவர் கிரீக் என்ற இடத்துக்கு அருகே சந்தித்தன. ரஷ்யர்களின் அனுபவத்தைப் படித்து சைமன் முல்லர் என்ற நிலவியலாளர் ராணுவத்துக்கு ஓர் அறிக்கை தொகுத்துக் கொடுத்ததும், பெர்மாஃப்ராஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் புழக்கத்துக்கு வந்ததும் அதையடுத்துத்தான்.

பீவர் கிரீக் பகுதியில் சாலை இன்றும் நெளிந்து நெளிந்து போகிறது. பின்னாளில் அகலப்படுத்தி, வளைவுகளை நேராக்கி, மேல்பூச்சுப் போட்ட சாலை அது. நல்லதுக்குச் செய்த ஒவ்வொன்றும் வெப்பக் கணக்கில் செலவாகவே விழுந்தது. அங்கே வருடச் சராசரிக் காற்று வெப்பநிலை மைனஸ் ஐந்தை ஒட்டியது. அந்தக் குளிரில் நிலம் ஏன் உருகவேண்டும் என்று நானும் முதலில் குழம்பினேன். காற்றின் சராசரி வேறு, நிலத்தின் மேல்தோல் உணரும் சராசரி வேறு. கறுத்த சாலை கோடை வெயிலைக் குடிக்கிறது. குளிர்காலத்தில் பனியை வழித்து இரு பக்கச் சரிவுகளிலும் தள்ளுகிறார்கள். சாலையின் நடுப்பகுதி குளிரை நேராக வாங்கி நன்றாக உறைகிறது. சரிவிலோ தள்ளிய பனி பஞ்சு மெத்தையாகக் கிடந்து, மைனஸ் நாற்பது குளிரை உள்ளே விடாமல் தடுக்கிறது. கோடையில் சேர்ந்த வெப்பம் குளிர்காலத்தில் வெளியேற வழியில்லை. சாலையைத் தாங்கும் மண்கரையின் காலடியில் தேங்கும் தண்ணீரும், கரைக்கு அடியில் ஊர்ந்து போகும் நிலத்தடி நீரும் வெப்பத்தைச் சுமந்து வந்து உறைநிலத்தில் இறக்கிவிட்டுப் போகின்றன. தள்ளிய பனியைப் போலவே ஓடும் நீரும் வேலை செய்கிறது என்பது பீவர் கிரீக்கில் அளந்து பார்த்தவர்கள் அழுத்திச் சொல்லும் விஷயம்.

ஒரு கன மீட்டர் பனிக்கட்டியை உருக்க, மின்கட்டணக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 85 யூனிட் வெப்பம் வேண்டும். இது பெரிய தொகை. அதனால்தான் கேடு உடனே தெரிவதில்லை. வெப்பம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்துக்கொண்டே வரும். ஒரு பனி ஆப்பின் மேல் பகுதியை எடுத்துக்கொள்வோம். சாலையோரத்தில் இரண்டு மீட்டர் தடிமன் உருகுகிறது, அதில் மிகைப் பனிக்கட்டி அறுபது சதவீதம் என்று வையுங்கள்: தரை 1 மீட்டர் 20 செ.மீ. இறங்கும். அதே சாலையில் எட்டு மீட்டர் தள்ளி, கட்டத்தின் நடுவில், மிகை பத்து சதவீதம்தான்: அங்கே இறக்கம் 20 செ.மீ. சாலை முழுக்க ஒரே சீராக ஒரு மீட்டர் இறங்கினால் ஓட்டுநருக்குத் தெரியக்கூடத் தெரியாது. எட்டு மீட்டருக்குள் ஒரு மீட்டர் வித்தியாசம் லாரியின் அச்சை முறிக்கும்.

வெறும் மண் அமுங்கியதா, பனி உருகியதா என்று பார்த்தே ஓரளவு சொல்லலாம். பாரத்தால் அமுங்கிய சாலை சக்கரத் தடத்தில் பள்ளமாகும். உருகும் சாலை ஓரத்தில் முதலில் போகும். சாலையோடு நீளவாக்கில் விரிசல் ஓடி, ஓரம் வெளிப்பக்கமாகச் சாயும், ஏனென்றால் சரிவின் அடியில்தான் பிடிமானம் போய்க்கொண்டிருக்கிறது. பள்ளங்கள் ஆப்புகளின் இடைவெளிக்கு ஏற்ப பத்து, இருபது மீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். பக்கத்துக் காட்டில் மரங்கள் குடித்தவர்களைப் போல ஆளுக்கொரு திசையில் சாய்ந்திருக்கும். கேடு உச்சத்துக்கு வருவது கடும்வெயில் மாதத்தில் அல்ல, கோடை முடிந்த பிறகு. வெப்பம் கீழே இறங்க அவ்வளவு நாள் பிடிக்கும். இவை எல்லாம் நடந்த பிறகு தெரியும் அடையாளங்கள். நடப்பதற்கு முன்பு தெரிந்துகொள்ள, உறைந்த உருளையை உருகாமல் வெளியே எடுப்பதும், துளைக்குள் வெப்பமானிச் சரத்தை இறக்கி வருடக்கணக்கில் படிப்பதும்தான் வழி. சாதாரணத் துளைக்கருவி வெளியே தள்ளும் சேற்றைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். துளையிடும் சூட்டிலேயே சாட்சி உருகிப் போய்விடும்.

வீடுகள் விஷயத்தில் யூக்கானின் டாசன் நகருக்குப் போகவேண்டும். தங்க வேட்டைக் காலத்து ஊர். அங்கே பக்கத்துப் பக்கத்து மரக் கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. முத்தமிடும் கட்டடங்கள் என்று பெயர் வைத்துச் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிறார்கள். நேராகத் தரைமேல் கட்டி, உள்ளே கணப்பு மூட்டினார்கள். வெப்பம் தரை வழியாக இறங்கி, வீட்டின் அடியில் ஒரு கிண்ணம் போல நிலத்தை உருக்கியது. நடுவில் ஆழம் அதிகம், ஓரத்தில் குறைவு. இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் கிடங்கின் கவிழ்த்த வாணலியை நிமிர்த்தி வைத்தால் அது டாசன். அங்கே சூடான கட்டடம் குளிர்ந்த மண்ணை உருக்குகிறது, இங்கே குளிர்ந்த கட்டடம் சூடான மண்ணை உறையவைக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கட்டடத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று ஓடவேண்டும். அங்கே வீட்டைத் தூண்கள் மேல் தூக்கி, அடியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு இடம் விடுகிறார்கள். யாகுட்ஸ்கிலும், அதே சைபீரியாவின் நோரில்ஸ்க் நகரிலும் அடுக்குமாடிகளே அப்படித்தான் நிற்கின்றன.

தூணும் முழுப் பாதுகாப்பு அல்ல. பாறை எட்டாத இடத்தில் தூணைத் தாங்குவது, அதைச் சுற்றி உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணின் பிடி. அந்தப் பிடி உருகும் நாள்வரை காத்திருந்து விடுவதில்லை. மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் அரைக்கு வந்தாலே பெருமளவு தளர்ந்துவிடும், மண் அப்போதும் உறைந்துதான் இருக்கும். 2020 மே மாதம் நோரில்ஸ்கில் ஒரு டீசல் தொட்டி உடைந்து சுமார் 21,000 டன் எண்ணெய் கொட்டியபோது, உறைநிலம் உருகியதே காரணம் என்று முதலில் சொன்னார்கள். ரஷ்யக் கண்காணிப்பு அமைப்பின் விசாரணையோ, தூண்கள் பாறையில் சரியாக உட்காராத கட்டுமானக் குறையையும் பராமரிப்புக் கோளாறையும் சுட்டியது. பூமி சூடாவது உண்மை, உறைநிலம் எங்கும் சூடாகிக்கொண்டிருப்பதும் உண்மை. ஆனால் பழியை முழுக்க அதன்மேல் போடுவது பலருக்கு வசதியாக இருக்கிறது. எங்கள் கிடங்கிலும் உரிமையாளர் முதலில் குறை சொன்னது மண்ணைத்தான், மேடையை உயர்த்தியவரை அல்ல.

2008இல் பீவர் கிரீக் அருகே அலாஸ்கா நெடுஞ்சாலையின் ஒரு நீளத்தைப் பிரித்து, பகுதிக்கு ஒரு மருந்தாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். சரிவின்மேல் கூரை போட்டுப் பனி படியாமல் காப்பது ஒன்று. நிழலும் கிடைக்கும், குளிரும் உள்ளே போகும். வெளிர்நிற மேல்பூச்சு இன்னொன்று. எனக்குப் பிடித்தது கற்கரை. சரிவை மண்ணால் கட்டாமல், பெரிய கற்களை மட்டும் பொடியே இல்லாமல் கொட்டிக் கட்டுவது. குளிர்காலத்தில் மேலே இருக்கும் குளிர்காற்று கனமாகக் கீழே விழும், அடியில் இருக்கும் வெதுவெதுப்பான காற்று கல்லிடுக்கு வழியாக மேலேறும். நிலத்தின் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். கோடையில் சூடான காற்று மேலேயும் குளிர்காற்று அடியிலும் இருப்பதால் எதுவும் அசையாது. மின்சாரமோ இயந்திரமோ இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. கிருஷ்ணகிரிக் குவாரிக்காரர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள், கெடுக்கவும் அவர்களால் முடியும்: ஒரு லோடு கிரஷர் தூள் கலந்து வந்தால் இடுக்கு அடைபட்டு அது சாதாரணக் கரையாகிவிடும்.

இந்த மருந்துகள் எல்லாம் குளிர்காலத்தின் குளிரை அறுவடை செய்து நிலத்தில் சேர்ப்பவை. குளிர் குறைந்தால் அறுவடையும் குறையும். செலவோ சாதாரணக் கரையைவிடப் பல மடங்கு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கட்டாது. எனவே பெரும்பாலான இடங்களில் நடப்பது, வருடாவருடம் பள்ளத்தில் சரளை கொட்டிச் சமன்செய்வதுதான். அதிலும் ஒரு கெடுதல் ஒளிந்திருக்கிறது. ஓரம் இறங்க இறங்கக் கரையை அகலப்படுத்திக்கொண்டே போனால், புதிய சரிவு இதுவரை தொடாத நிலத்தின்மேல் போய் உட்கார்ந்து அதையும் உருக்கும்.

இனி எங்கள் கிடங்கு. நான் படித்துவிட்டு வந்து சொன்னது: குளிரை நிறுத்தாதீர்கள், முதலில் குழாய்களைத் திறப்போம், கீழ்ப்பக்கத்திலிருந்து மெதுவாக உருக்கித் தண்ணீரை இறைத்துவிட்டுப் பிறகு அறையைச் சூடாக்குவோம். சீசன் முடிந்த அறை, கரண்ட் பில் ஓடிக்கொண்டிருந்தது. பங்குனிக் கடைசியில், எனக்குச் சொல்லாமலே கம்ப்ரெஸரை நிறுத்திவிட்டார்கள். "ஐஸ் உருகினால் தரை தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும், தம்பி" என்றார் உரிமையாளர். சொல்லப்போனால் அவர் சொன்னது பாதி சரி.

முதல் சில வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. துளையில் 40 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்த வெப்பமானி மைனஸ் நாலிலிருந்து ஏறி வந்து பூஜ்யத்தில் நின்றது. அப்படியே 24 நாள் நின்றது. வெப்பமானி கெட்டுவிட்டது என்று ஆபரேட்டர் வேறொன்றை மாற்றினார். அதுவும் பூஜ்யம்தான் காட்டியது. வரும் வெப்பம் முழுவதையும் பனிக்கட்டி உருகுவதற்கே விழுங்கிக்கொண்டிருந்தது. உறைநிலத்தில் வெப்பமானி பூஜ்யத்தில் அசையாமல் நின்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, எல்லாம் அப்போதுதான் நடக்கிறது.

வெப்பம் மேலேயிருந்து வந்தது. மேல்மண் உருகியது, அதன் தண்ணீர் கீழே வடிய வழியில்லை, அங்கே இன்னும் உறைந்த தட்டு. யூக்கானில் 1942இல் லாரிகள் இறங்கிய கூழ் இதேதான்: உருகிய மண்ணின் அடியில் உருகாத மண், நடுவில் போக்கிடமில்லாத தண்ணீர். ஏழாவது வாரத்தில் ஒரு இரவு இரும்பு அடுக்கு ஒன்றின் கால் தரையை உடைத்துக்கொண்டு இறங்கி, அந்த வரிசையே சரிந்தது. அடுக்குகள் காலி, உள்ளே யாரும் இல்லை. ஆடி மாதம் அடிமட்டத் தடித்த தகடுகளும் உருகி முடிந்தபோது நடுத்தரை 17 செ.மீ. இறங்கியிருந்தது. ஏறியதைவிட 3 செ.மீ. அதிகம். உறையும்போது பனித் தகடுகள் மண்ணைப் பிளந்து கலைத்துவிட்டிருந்தன; உருகிய சேறு பழைய இறுக்கத்துக்குத் திரும்பாமல், பாரத்தில் பிதுங்கி ஓரங்களுக்கு நகர்ந்துவிட்டது. தரை திரும்பி வந்தது, ஆனால் பழைய இடத்துக்கு அல்ல.

பிறகு செய்தது நேரான வேலை. தளத்தை உடைத்து, வண்டலை முழுக்க வாரி வெளியே கொட்டி, திரி ஏறாத சரளையை நிரப்பினோம். ஈரம் புகாத தாளும் புதிய காப்புப் பலகையும் போட்டோம். மேடையை ஓர் அடி உடைத்துக் குழாய்களை இரண்டு பக்கமும் வெளிக்காற்றுக்குத் திறந்து, வாயில் எலி நுழையாத வலை கட்டினோம். மண்ணில் மூன்று ஆழங்களில் வெப்பமானி.

ஆபரேட்டருக்கு வெப்பமானியில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தியைக் கையோடு எடுத்துக்கொண்டு வடக்குச் சுவரோரம் குழாய் குழாயாகக் குனிந்து காட்டிக்கொண்டே போவார். புகை உள்ளே இழுபட்டால் அடுத்த குழாய். போன மாதம் ஏழாவது குழாயில் புகை நேராக மேலே போயிருக்கிறது. வலையைக் கழற்றினால் உள்ளே ஒரு அணில் கூடு.